பேப்பர் போட்ட பிறகு வரும் தொகை

ஐ.டி. சேவைக் கம்பெனிகளில் மூன்று மாத நோட்டீஸ் வழக்கமாகிவிட்டதால், பேப்பர் போடும் நாளுக்கும் கடைசி வேலை நாளுக்கும் நடுவே நீண்ட இடைவெளி விழுகிறது. கையில் புதிய கம்பெனியின் ஆஃபர் லெட்டர் இருக்கும். உட்கார்ந்திருப்பதோ பழைய நாற்காலியில். அந்த நேரத்தில்தான் மேனேஜர் மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டு, “எவ்வளவு எதிர்பார்க்கிறே, சொல்லு, பேசிப் பார்க்கிறேன்” என்கிறார். மூன்று ஆண்டுகளாகக் கேட்டும் அசையாத சம்பளம் இரண்டே நாளில் எகிறுகிறது. ஆட்களை எடுப்பதும் எடுத்தவர்களைத் தக்கவைப்பதும் என் தொழில் என்பதால், இந்தப் பேச்சை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்க்கிறவன் நான். எனக்கு இதில் உறுதியான ஒரு கருத்து உண்டு. கவுன்ட்டர் ஆஃபரில் வரும் தொகை, உங்கள் நாற்காலி காலியானால் கம்பெனிக்கு எத்தனை மாதம் எவ்வளவு நஷ்டம் என்பதை வைத்துத்தான் பெரும்பாலும் முடிவாகிறது. உங்கள் திறமைக்குப் புதிதாகப் போட்ட மதிப்பு என்று அதை எடுத்துக்கொண்டால் பதில் தப்பாகப் போகும். காலி நாற்காலியின் கணக்கு என்று புரிந்துகொண்டால், என்ன கேட்க வேண்டும், எதை எழுத்தில் வாங்க வேண்டும், எப்போது மறுக்க வேண்டும் என்பது தானாகவே தெளிவாகும்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு வேலை செய்யும் ஒரு புராஜெக்ட்டில், ஆறு வருட அனுபவம் உள்ள ஒருவருக்கு மணிக்கு 25 டாலர் பில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 160 மணி நேரம் என்றால் 4,000 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று போட்டாலும் மாதம் 3,40,000 ரூபாய் வருமானம். அவர் போய்விட்டால், அவர் இடத்துக்கு வெளியிலிருந்து எடுக்கும் ஆளுக்கும் அவருடைய பழைய கம்பெனியில் அதே மூன்று மாத நோட்டீஸ் இருக்கும். இன்றைக்கே ஆள் கிடைத்தாலும் அவர் வந்து சேர்ந்து, கிளையன்ட்டின் பேட்டியில் தேறி, வேலையைப் பிடித்துக்கொள்ள நாலைந்து மாதம் ஆகும். அதில் ஒரு பகுதி நோட்டீஸ் காலத்தில் கழிந்தாலும், மிச்சமுள்ள மாதங்களின் பில்லிங் கேள்விக்குறிதான். கிளையன்ட் கோபித்துக்கொண்டு அந்த இடத்தையே வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிடும் ஆபத்தும் உண்டு. இதோடு ஒப்பிட்டால் வருடத்துக்கு ஐந்து லட்சம் கூட்டித் தருவது மாதம் 42,000 ரூபாய்க்கும் குறைவான செலவு. டெலிவரி ஹெட் ஒரே போனில் ஒப்புதல் தருவது இதனால்தான். மேனேஜர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. உங்களை அவருக்கு நிஜமாகவே பிடித்திருக்கலாம். ஆனால் அவருக்குக் கிடைத்த ஒப்புதல் அந்தப் பிரியத்தின் பேரில் கிடைத்ததல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்து, அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். வழக்கமான அப்ரைசலுக்கு வெளியே தரும் உயர்வுக்கென்று பல கம்பெனிகளில் தனிப் பெட்டி கிடையாது. அடுத்த ஏப்ரலில் அந்த டீமுக்கு ஒதுக்கப்படும் தொகையிலிருந்து முன்கூட்டியே எடுத்துக் கொடுப்பார்கள். சில மாதங்களுக்குள் சம்பளத் திருத்தம் பெற்றவர்கள் அந்த வருட உயர்வுக்குத் தகுதி பெற மாட்டார்கள் என்ற விதியும் பல இடங்களில் உண்டு. கவுன்ட்டர் ஆஃபர் பேசும்போது இதை யாரும் தானாக வந்து சொல்வதில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை, யாரும் கேட்பதில்லை. கடிதத்தின் அடியில் ‘அடுத்த திருத்தம்’ என்று ஒரு வரி இருக்கும். அதில் வரும் ஏப்ரல் இருக்கிறதா, அதற்கும் அடுத்த ஏப்ரல் இருக்கிறதா என்று பார்த்தால், கிடைப்பது உயர்வா, அடுத்த வருட உயர்வின் முன்பணமா என்று தெரிந்துவிடும்.

ஒரு உதாரணத்தை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். ஒருவருடைய இப்போதைய சி.டி.சி. 14 லட்சம், அதில் 13 லட்சம் ஃபிக்ஸட், 1 லட்சம் வேரியபிள். புதிய கம்பெனி 20 லட்சம் தருகிறது. அதில் ஃபிக்ஸட் 18.5, வேரியபிள் 1.5. பழைய கம்பெனி கவுன்ட்டராக 19.5 லட்சம் என்கிறது. அரை லட்சம்தானே வித்தியாசம், தெரிந்த ஆட்கள், தெரிந்த வேலை, வீட்டிலிருந்து துரைப்பாக்கம் பக்கம், எதற்குப் போக வேண்டும் என்று மனசு சொல்லும். அந்த 19.5-ஐப் பிரிக்கச் சொன்னால் ஃபிக்ஸட் 15.5, வேரியபிள் 2, ரிட்டென்ஷன் போனஸ் 2 என்று வருகிறது. போனஸ் ஒரே ஒரு முறைதான். வேரியபிள் கம்பெனியின் லாபத்தைப் பொறுத்தது. முழுதாகக் கைக்கு வராத வருடங்கள் உண்டு. ஆக, நம்பி வீட்டுக் கடனுக்கு எடுத்து வைக்கக்கூடிய பகுதியில் இரண்டு ஆஃபருக்கும் உள்ள இடைவெளி வருடம் 3 லட்சம், மாதம் 25,000 ரூபாய். இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். இவர் பேப்பரே போடாமல் இருந்திருந்தால் ஏப்ரலில் 8 சதவீத உயர்வு வந்து, ஃபிக்ஸட் 14.04 லட்சம் ஆகியிருக்கும் என்று வைத்துக்கொண்டால், கவுன்ட்டர் உண்மையில் சேர்த்துத் தருவது வருடம் 1.46 லட்சம். வரி பிடிக்கும் முன் மாதம் 12,000 ரூபாய் சொச்சம். மீட்டிங் அறையில் ஐந்தரை லட்சம் உயர்வாகக் காதில் விழுந்தது, பிரித்துப் பார்த்தால் இதுதான். இந்தப் பன்னிரண்டாயிரத்துக்காக இருக்கலாமா என்று கேட்டால், பலருடைய பதில் மாறும்.

ரிட்டென்ஷன் போனஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிக்கல் அதிகமாக வருவது அங்கேதான். அந்தப் பணத்தோடு ஒரு ஒப்பந்தம் வரும். 12 அல்லது 18 மாதத்துக்குள் போனால் திருப்பிக் கட்ட வேண்டும் என்று அதில் இருக்கும். எவ்வளவைத் திருப்ப வேண்டும் என்ற வரியைத்தான் நிறுத்திப் படிக்க வேண்டும். வருமான வரியில் 20 சதவீத அடுக்கில் இருக்கும் ஒருவருக்கு 2 லட்சம் போனஸில் செஸ்ஸோடு சேர்த்து 41,600 ரூபாய் டி.டி.எஸ். போய்விடும், கைக்கு வருவது 1,58,400. ஆனால் பல ஒப்பந்தங்கள் திருப்பிக் கேட்பது 2,00,000 ரூபாயை. கட்டிய வரியைப் பிறகு மீட்பது தனி அலைச்சல். இரண்டாவது, இருந்த மாதங்களுக்கு ஏற்பக் குறைத்துக் கேட்பார்களா, பதினேழாவது மாதத்தில் போனாலும் முழுத்தொகையையும் கேட்பார்களா என்பது. மூன்றாவது, கம்பெனியே ஆளைக் குறைத்து அனுப்பினால் அந்த நிபந்தனை செல்லுமா என்பது. நீங்களாகப் போனால் மட்டுமே திருப்ப வேண்டும் என்று கடிதத்தில் தெளிவாக இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு, இதெல்லாம் கோர்ட்டில் நிற்காது என்று தைரியமாக இருப்பவர்கள் உண்டு. 2025 மே மாதத்தில் ஒரு பொதுத்துறை வங்கி ஊழியரின் வழக்கில், மூன்று ஆண்டுக்குள் விலகியதற்கு 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது பொதுத்துறையின் ஆள்தேர்வுச் செலவை மனதில் வைத்து வந்த தீர்ப்பு. தனியார் கம்பெனியின் ரிட்டென்ஷன் போனஸுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் படிக்காமல் கையெழுத்துப் போடுவதற்கு இனி சாக்கு கிடையாது.

பணத்தை விட்டுவிட்டு, கம்பெனியின் எண்ணத்தை அறிய ஒரு வழி இருக்கிறது. கே.டி. என்ன ஆகிறது என்று கவனிப்பதுதான் அது. பேப்பர் போட்டதும் உங்கள் வேலையை இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்கும் கே.டி. திட்டம் தயாராகும், பின்னாலேயே உட்கார்ந்து பார்ப்பதற்கு ஒரு ஷேடோ ஆளையும் போடுவார்கள். உங்களை உண்மையிலேயே நீண்ட நாளைக்கு வைத்துக்கொள்ள நினைத்தால், கவுன்ட்டரை நீங்கள் ஏற்றுக்கொண்டதும் அந்தத் திட்டம் நிற்கும். ஷேடோ ஆள் வேறு வேலைக்குப் போவார். ஏற்ற பிறகும், “எதற்கும் டாக்குமெண்ட்டை முடிச்சிடு, டீமுக்கு நல்லது” என்று கே.டி. தொடர்ந்தால், கம்பெனி உங்களிடம் வாங்கியது அவகாசத்தை மட்டும்தான். இதைக் கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை போகத் துணிந்தவர் மறுபடியும் போவார் என்று எந்த மேனேஜரும் நினைப்பார். ஒரே ஆளை நம்பிப் புராஜெக்ட்டை நடத்தக்கூடாது என்பது அவருடைய வேலையின் பாலபாடம். ஆனால் மாற்று ஆள் தயாரான அன்று, மாதம் 3,40,000 என்ற கணக்கு உங்கள் பக்கத்தில் இருக்காது. புது சம்பளத்தால் அந்த டீமிலேயே செலவு கூடிய ஆளும் நீங்களாகத்தான் இருப்பீர்கள். கிளையன்ட் ரேட்டைக் குறைக்கச் சொல்லும்போது முதலில் கண்ணில் படுவது உங்கள் பெயர்தான்.

இதையெல்லாம் பார்த்துவிட்டுப் பதில் சொல்லலாம். பதிலில் எதை முதலில் செய்கிறோம் என்பதுதான் முக்கியம். என் தொழிலில் ஆட்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அந்த வரிசையைத் தவறவிட்டதால். மீட்டிங்கில் தொகையைக் கேட்டதும் சரி என்றும் சொல்லக்கூடாது, முடியாது என்றும் சொல்லக்கூடாது. தொகை எந்தெந்தத் தலைப்பில் எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து, வரும் ஏப்ரல் உயர்வு உண்டா, போனஸுக்கு என்ன நிபந்தனை என்ற நாலு கேள்வியையும் கேட்டு, ஹெச்.ஆர். கடிதமாக அனுப்பச் சொல்லி, கடிதம் வந்து இரண்டு வேலை நாளில் பதில் தருவதாகச் சொன்னால் போதும். புதிய கம்பெனியின் ஆஃபர் லெட்டர் நகலைக் காட்டச் சொல்வார்கள். காட்ட வேண்டிய அவசியம் இல்லை, பெரும்பாலான ஆஃபர் லெட்டர்கள் ரகசியம் காக்கச் சொல்பவை. இந்த இடத்தில் மேனேஜரிடமிருந்து ஒரு வேண்டுகோள் வரும். “அப்ரூவல் வாங்கணும்னா நீ ரெசிக்னேஷனை ரிவோக் பண்ணணும், அப்பத்தான் சிஸ்டத்துல போக முடியும்” என்பார். சில போர்ட்டல்களில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் ரிவோக் செய்த அந்த நிமிடத்தில் உங்கள் நோட்டீஸ் நாட்கள் அத்தனையும் அழிந்துபோகும். நாற்பது நாள் ஓடியிருந்தாலும் சரி, எண்பது நாள் ஓடியிருந்தாலும் சரி, மறுபடியும் பேப்பர் போட்டால் தொண்ணூறு நாள் புதிதாகத் தொடங்கும். புதிய கம்பெனி அதுவரை காத்திருக்காது. கடிதம் வராமல் ரிவோக் செய்தவரிடம் பேரம் பேச ஒன்றுமே மிஞ்சாது. அதன் பிறகு 19.5 என்று சொன்னது 17 ஆக வந்தாலும், ‘கமிட்டி இவ்வளவுக்குத்தான் ஒத்துக்கொண்டது’ என்ற பதிலோடு இருக்க வேண்டியதுதான். அதனால் கையெழுத்திட்ட கடிதம் முதலில், ரிவோக் அதற்குப் பிறகு. சிஸ்டம் இடம் தராது என்றால், தொகையையும் தேதியையும் ஹெச்.ஆர். தன் அலுவலக மெயிலில் எழுதி உறுதிப்படுத்தட்டும். எழுத்தில் எதுவும் வராது என்றால் கவுன்ட்டர் ஆஃபரே வரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு மறுப்பு வரும். ‘உங்கள் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் போகத்தான் சொல்வார்கள், ஏனென்றால் ஆள் சேர்ந்தால்தான் உங்களுக்குக் காசு’ என்பது. நியாயமான சந்தேகம். கன்சல்டன்சி வழியாக ஆள் எடுத்தால் வருட சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், கமிஷனாகத் தருவது பரவலான வழக்கம். ஆள் சேராவிட்டால் அதில் ஒரு பைசா கிடையாது. கவுன்ட்டரை ஏற்றவர்களில் எண்பது சதவீதம் பேர் ஆறு மாதத்தில் போய்விடுகிறார்கள் என்று போனில் சொல்லிப் பயமுறுத்தும் ரெக்ரூட்டர்கள் நிறைய. அந்த எண்ணுக்குப் பின்னால், பிரித்துப் படித்துச் சரிபார்க்கும்படி ஒரு ஆய்வை யாரும் எடுத்துக் காட்டுவதில்லை. அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். நான் மேலே சொன்னது எதுவும் அந்த எண்ணைச் சார்ந்து நிற்கவில்லை. உங்கள் கடிதத்தில் ஃபிக்ஸட் எவ்வளவு, அடுத்த திருத்தம் எப்போது, கே.டி. நிற்கிறதா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அதற்கு யாருடைய புள்ளிவிவரமும் தேவையில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. புதிய கம்பெனி மட்டும் என்ன நிச்சயம் என்பது. ஆஃபர் லெட்டர் கொடுத்துவிட்டுச் சேரும் தேதியைத் தள்ளிப்போட்ட கம்பெனிகளும், சேருவதற்கு ஒரு வாரம் முன்பு ஆஃபரை ரத்து செய்த கம்பெனிகளும் உண்டு. மூன்று மாதம் என்பது ஒரு புராஜெக்ட் கைநழுவிப் போவதற்குப் போதுமான காலம். இது உண்மை என்பதால்தான் கவுன்ட்டரைக் கேட்ட மாத்திரத்தில் முகத்தில் அடித்தாற்போல மறுக்கக்கூடாது என்கிறேன். கடைசி வேலை நாள்வரை பழைய இடத்தோடு உறவு நல்லபடியாக இருக்க வேண்டும். ஆனால் இந்த மறுப்பு, புதிய ஆஃபரைச் சோதித்துப் பார்க்கச் சொல்கிறதே தவிர, கவுன்ட்டரை ஏற்கச் சொல்லவில்லை. எந்த புராஜெக்ட், எந்த மேனேஜர், அந்த புராஜெக்ட் உறுதியான ஒன்றா, இல்லை ஆள் எடுத்து பெஞ்சில் வைக்கப் போகிறார்களா என்று புதிய கம்பெனியின் ஹெச்.ஆரிடம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பேசித் தெரிந்துகொள்ளலாம். போனை எடுத்துப் பேசுகிற வரை பெரிய கவலை வேண்டாம்; பதில் வருவது தாமதமாகத் தொடங்கினால் அது கவனிக்க வேண்டிய அறிகுறி. அப்படி நிலைமை ஆட்டம் கண்டால், கவுன்ட்டரில் தொகை கொஞ்சம் குறைவாக இருந்தாலும் இருப்பது சரியான முடிவுதான்.

இருப்பது சரியாகும் இன்னொரு சந்தர்ப்பமும் உண்டு, அதைப் பலரும் தவறவிடுகிறார்கள். போக நினைத்த காரணம் பணமாக இல்லாதபோது, பணமாக வரும் கவுன்ட்டர் அந்தக் காரணத்தைத் தொடவே செய்யாது. இரவு ஷிஃப்ட், பழைய டெக்னாலஜியில் மாட்டிக்கொண்டது, ஒத்துப்போகாத மேனேஜர் என்று காரணம் வேறாக இருந்தால், கேட்க வேண்டியது புராஜெக்ட் மாற்றம். அதையும் ‘பார்த்துச் செய்கிறோம்’ என்ற வாக்காக வாங்கக்கூடாது. சேவைக் கம்பெனிகளில் யார் எந்த புராஜெக்ட்டில் எந்தத் தேதிவரை என்பது ஒதுக்கீட்டுப் பட்டியலில் பதிவாகியிருக்கும். பழைய புராஜெக்ட்டிலிருந்து விடுவிக்கும் தேதியும் புதிய புராஜெக்ட்டில் சேரும் தேதியும் அதில் ஏறிய பிறகு ரிவோக் செய்தால், அந்த கவுன்ட்டர் நிஜமானது. ஒரு ரூபாய்கூட ஏறாமல் இப்படித் தங்கியவர்கள் திருப்தியாக இருப்பதற்கு வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு. இதில் மேனேஜர் உண்மையில் எதையோ விட்டுக்கொடுத்திருக்கிறார். பில்லிங்கில் இருக்கும் ஆளை இன்னொரு டீமுக்கு விடுவது அவருக்குப் பணத்தைவிட வலிக்கும் காரியம்.

கவுன்ட்டரை எடுத்துக்கொண்டு புதிய கம்பெனியிடம் போய் இன்னும் கூட்டிக் கேட்கலாமா என்பது அடுத்த கேள்வி. ஒருமுறை கேட்கலாம், எழுத்தில் உள்ள கவுன்ட்டரை வைத்து, சேரும் தேதிக்கு ஒரு மாதத்துக்கு முன்னரே. ஃபிக்ஸடைத் தொட மாட்டார்கள், ஜாயினிங் போனஸாக ஏதாவது சேர்க்க முயல்வார்கள். அதற்கும் திருப்பிக் கட்டும் நிபந்தனை இருக்கும். இரண்டாவது முறை கேட்டால் ‘இவர் வரமாட்டார்’ என்று முடிவு செய்து வேறு ஆளைத் தயார் செய்யத் தொடங்கிவிடுவார்கள். அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. உங்களுக்காக அந்த இடத்தை மூன்று மாதம் காலியாக வைத்திருக்கிறார்கள். இருப்பது என்று முடிவெடுத்தால், ரிவோக் செய்த அன்றே புதிய கம்பெனி ஹெச்.ஆருக்குப் போன் செய்து சொல்லிவிட்டு மெயிலும் போட வேண்டும். சேரும் நாளன்று போனை அணைத்துவிட்டு ஒளிந்துகொள்வது இந்தத் தொழிலில் தினசரி நடக்கும் விஷயம். அப்படிச் செய்பவர்களின் பெயர் அந்தக் கம்பெனியின் ஆள்தேர்வுப் பதிவில் குறிப்போடு நிற்கும். கவுன்ட்டருக்குப் பிறகு சில மாதத்தில் மறுபடி வேலை தேட நேர்ந்தால், முதலில் மூடியிருக்கும் கதவு அதுவாக இருக்கும்.

போவது என்று முடிவானால் மெயில் சின்னதாக இருக்க வேண்டும். தொகையை முயன்று வாங்கித் தந்ததற்கு நன்றி, புதிய வேலையில் சேரும் முடிவில் மாற்றமில்லை, கடைசி வேலை நாள் இன்ன தேதி, அதற்குள் கே.டி.யை முடித்துக் கொடுக்கிறேன் என்ற நாலு வரி போதும். காரணங்களை எழுதினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்வோடு அடுத்த மீட்டிங் வரும். சம்பளம் போதவில்லை என்று எழுதினால் தொகை கூடும், ஷிஃப்ட் என்று எழுதினால் ஷிஃப்ட் மாறும் என்பார்கள், இரண்டு வாரம் அதிலேயே போய்விடும். மேனேஜருக்கு மட்டும் அனுப்பாமல் ஹெச்.ஆரையும் சேர்த்து அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் ராஜினாமா ‘பேச்சுவார்த்தையில்’ என்ற நிலையிலேயே கிடந்து, விடுவிக்கும் தேதி தள்ளிப்போகும். தேதியை உறுதிசெய்து ஹெச்.ஆரின் பதில் மெயில் வந்ததும், அதன் நகலைச் சொந்த மெயிலுக்குச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். ரிலீவிங் லெட்டரும் கடைசி செட்டில்மென்ட்டும் அந்தத் தேதியிலிருந்துதான் கணக்கிடப்படும். புதிய கம்பெனியின் பின்னணிச் சரிபார்ப்பிலும் முதலில் கேட்பது ரிலீவிங் லெட்டரைத்தான்.